படத்துக்குக் கீழே இரண்டு வரி

அப்பா எழுந்து நின்று கைதட்டியதை நான் பார்க்கவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். அந்த நேரத்தில் நான் அரங்குக்குள் இருந்தேன், மேடையிலோ மேடைப் படியிலோ. அவர்கள் வெளியே பந்தலுக்கடியில், பெரிய திரைக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலிகளில் மற்ற பெற்றோரோடு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெற்றோருக்கு இடம் இல்லை என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தது. ஆகவே நான் இப்போது பேருந்தில் உட்கார்ந்து, பட்டமளிப்பு விழாப் படத்துக்குக் கீழே ஸ்டேட்டஸில் போடப் போனில் தட்டிக்கொண்டிருக்கும் இந்த வரி, 'மேடை ஏறியது ஒரு பெண், அப்பா கைதட்டியது வேறொரு பெண்ணுக்கு. நல்லவேளை, படம் எடுக்க மட்டும் சரியான பெண்ணிடம் வந்துவிட்டார்', நான் கண்ணால் பார்த்து எழுதியது அல்ல. அம்மா சிரித்துக்கொண்டே சொன்னதை இன்னும் கொஞ்சம் சிரிப்பாக்கியது. இதை ஷப்னமுக்கு அனுப்பினேன். அவள் வேறு துறை, விழாவில் எனக்கு முன்பே முடித்துவிட்டு வந்து எங்களை வேப்பமரத்தடியில் நிற்கவைத்துப் படம் எடுத்தவள். உடனே பதில் வந்தது. 'செம டி. இதையே போடு. சென்டிமென்ட் போட்டா எல்லாரும் ஒரு அழுகை பொம்மை போட்டுட்டு அடுத்த படத்துக்குப் போயிடுவாங்க.' அது உண்மைதான். காலையிலிருந்து நான் பார்த்த படங்கள் எல்லாவற்றிலும் யாராவது அழுதுகொண்டிருந்தார்கள், எல்லோருடைய அப்பாவும் வியர்வை சிந்தியிருந்தார், எல்லோருடைய அம்மாவும் பட்டினி கிடந்திருந்தாள். என் அம்மா பட்டினி கிடக்க மாட்டாள். பசித்தால் அவளுக்குத் தலை வலிக்கும். இப்போதுகூட ஜன்னலோரம் உட்கார்ந்து, கல்லூரியில் கொடுத்த டப்பாவைத் திறந்து சமோசாவின் ஓரத்தை உடைத்துத் தின்றுகொண்டிருக்கிறாள். நடுவில் நான். நடைபாதை ஓரத்தில் அப்பா, மடியில் ஃபைலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு. கருமத்தம்பட்டி தாண்டிவிட்டது. வெயில் அப்பாவின் பக்கம் இல்லை, ஆனாலும் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

இன்னொரு வரியும் இருக்கிறது. அதைத்தான் முதலில் எழுதினேன். விழாவுக்கு முன்பே, படமே எடுப்பதற்கு முன்பே எழுதிவைத்திருந்தேன் என்று சொன்னால் அது கொஞ்சம் அசிங்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான். 'மாடி மாடியாகச் சிலிண்டர் சுமந்த தோளும், நூல் வெட்டி நூல் வெட்டித் தேய்ந்த விரலும் சேர்ந்து என்னை இந்த மேடையில் ஏற்றின. அப்பா, அம்மா, இந்த அங்கி உங்களுடையது.' எழுதிவிட்டு நானே நாலைந்து தடவை படித்துப் பார்த்தேன், சலிக்கவில்லை. அதனால் நல்ல வரி என்று நினைத்தேன். இப்போது ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் இடறுகிறது. அப்பா வீடு வீடாகக் கேஸ் சிலிண்டர் போடுகிறவர், அது சரி. மாடி ஏறுகிறார், அதுவும் சரி. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் துணியில் பிசிறு நூலை வெட்டி, கறை இருக்கிறதா தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, தேறாததைத் தனியாகப் போடுகிறவள். அவள் விரல் தேயவில்லை. கத்தரி பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் ஓரம் காய்த்துப்போயிருக்கிறது, தேய்வதற்கு நேர்மாறாக. தேய்ந்த விரல் என்றால் படிப்பவர்களுக்கு உடனே புரியும், காய்த்த விரல் என்றால் ஒரு கணம் நிற்பார்கள். அந்த ஒரு கணத்துக்காக நான் அம்மாவின் விரலைத் தேய்த்துவிட்டேன். இந்த அங்கி உங்களுடையது என்பது அதைவிட மோசம். அங்கி வாடகைக்கு. நாலு மணிக்குள் கழற்றி மடித்து, தொப்பியோடு கவுண்டரில் கொடுத்துவிட்டுத்தான் பேருந்து ஏறினோம். அது எனக்கே உரியதல்ல, இவர்களுக்கு எப்படிக் கொடுப்பேன். மேடையில் கொடுத்த உறையும்கூட வெறும் உறைதான். உள்ளே ஒரு வாழ்த்துத் தாள். அசல் சான்றிதழைப் பின்னால் மேஜையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அப்பா பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்க்கிறேன். நடுவில் நான், கறுப்பு அங்கி, தொப்பியின் குஞ்சம் மூக்குக்கு மேல். அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. அவள் கை என் தோள்பட்டையில் இருக்கிறது, பார்ப்பவர்கள் அணைத்திருக்கிறாள் என்று நினைப்பார்கள். அணைக்கவில்லை. தையலிலிருந்து தொங்கிய ஒரு நூலைப் பிடித்திருக்கிறாள். 'இத ஆரு செக்கிங் பாத்தது? இந்த லட்சணத்துல எங்க ஃப்ளோர்ல வந்திருந்தா சூப்பர்வைசர் மூஞ்சியிலயே வீசியிருப்பான். அம்மிணி, அசையாத. இழுத்தா முழுசும் பிரிஞ்சு வந்துரும்' என்றாள். ஷப்னம் 'ஆன்ட்டி, இங்க பாருங்க, இங்க' என்று கத்த, அம்மா பார்க்காமலே 'எடுத்துக்கோ கண்ணு, நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்' என்றாள். அப்பா அந்தப் பக்கம், என்னிடமிருந்து ஒரு சாண் தள்ளி. 'கிட்ட வாங்கப்பா' என்று இழுத்தேன். கோட்டு கசங்கிரும் என்றார், என் அங்கியைச் சொல்லி. பக்கத்து மரத்தடியில் ஒரு பையன் தன் அப்பாவுக்கு அங்கியைப் போட்டுவிட்டுத் தொப்பியும் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நானும் தொப்பியைக் கழற்றி அப்பாவிடம் நீட்டினேன். ஒரு அடி பின்னால் போய், 'அதெல்லாம் நமக்கெதுக்கு சாமி, நீ போட்டுக்கோ' என்றார். படத்தில் அவர் கையைப் பின்னால் கட்டியிருக்கிறார். எந்த வீட்டுக் கதவிலும் சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டு ரசீதுக்காக நிற்கும்போது அப்படித்தான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். பிளஸ் டூ படிக்கும்போது ட்யூஷன் முடிந்து வரும் வழியில் ஒரு குடியிருப்பில் அப்படி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தார், போ என்று. நான் போனேன். அது போகட்டும்.

வேடிக்கை வரிக்கு வருகிறேன். அதில் பொய் இல்லை, அது ஒரு நிம்மதி. படம் எடுத்து முடித்ததும் அம்மா சொன்னாள், நூல் இன்னும் அவள் விரலில் சுற்றியிருந்தது. 'இந்தக் கூத்தக் கேளு. நீ வந்துட்டே, நான் பாத்துட்டேன், நடையிலயே தெரிஞ்சுது. இவரு பாட்டுக்கு உக்காந்திருக்காரு. நீ எறங்கிப் போயிட்ட. அடுத்து ஒருத்தி வாரா. சடார்னு எந்திரிச்சு நின்னு கைதட்டறாரு பாரு, என்ற புள்ள என்ற புள்ளைங்கறாரு. பந்தலே திரும்பிப் பாக்குது. ஏனுங், அது நம்ம புள்ள இல்லீங், அது போயிருச்சுங்கறேன், காதுலயே வாங்கல.' அப்பா சிரித்தார். 'பேரு சொன்னாங்களேன்னு...' என்று ஆரம்பித்தார். 'ஆமா, பேரு. மைக்குல அவன் சொல்றது கரகரன்னு கெடக்குது, இவருக்கு மட்டும் தெளிவாக் கேட்டுச்சாம்' என்று அம்மா முடித்துவிட்டாள். ஷப்னம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். 'அங்கிள், அந்தப் பொண்ணு வீட்டுல உங்களைத் தேடிட்டு இருப்பாங்க, யாருடா நம்ம புள்ளைக்குக் கைதட்டினதுன்னு.' நானும் சிரித்தேன். அப்போதே அந்த வரி மனதில் முளைத்துவிட்டது, சரியான பெண்ணிடம் வந்துவிட்டார் என்ற முடிவோடு. நல்ல முடிவு. ஆனால் இப்போது யோசித்தால் எது இதில் சிரிப்பு என்று சொல்ல முடியவில்லை. எல்லோரும் கறுப்பு அங்கி, எல்லோருக்கும் ஒரே தொப்பி, ஒரே உறை, திரையில் வெயில் அடித்துப் பாதி வெளுத்திருந்தது. யாருக்கும் தவறும். அம்மாவுக்குத் தவறவில்லை. அம்மா நாளெல்லாம் ஒரேமாதிரி பனியன்களைப் பார்த்து எதில் குறை என்று கண்டுபிடிப்பவள், அவளுக்கு நான் எந்த அங்கிக்குள் இருந்தாலும் தெரியும். அப்பாவுக்கு நான் தெரியவில்லை. அதுதான் அந்த வேடிக்கை வரியின் பொருள். என் அப்பா திரைக்கு முன்னால் உட்கார்ந்து, நான் நடந்து போவதைப் பார்த்து, யாரோ ஒரு பெண் என்று விட்டுவிட்டார்.

இதை நினைத்ததும் மேடைப் படிதான் ஞாபகம் வந்தது. அங்கேயும் எனக்கு இந்தப் பயம்தான், சரியான ஆளாக இருக்கிறேனா என்று. காலையில் வரிசை ஒத்திகை பார்த்தார்கள். முன்னால் யார், பின்னால் யார் என்று மனப்பாடம் செய்துகொண்டேன்: முன்னால் ஷர்மிளா, பின்னால் சௌபர்ணிகா. ஷர்மிளாவின் முதுகைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் நகர்ந்தால் நகர்ந்தேன், அவள் ஏறியதும் படிக்கு வந்தேன், அங்கே நின்ற பேராசிரியை என் முழங்கையைத் தொட்டுத் தள்ளியதும் போனேன். இரண்டு கையாலும் வாங்கி வணங்க வேண்டுமா, இல்லை இடதில் வாங்கி வலதால் கைகொடுக்க வேண்டுமா என்று காலையிலிருந்து மாறிமாறிச் சொல்லியிருந்தார்கள். அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெயரைப் படித்தார்களா என்று யாராவது கேட்டால் படித்திருப்பார்கள் என்றுதான் சொல்வேன். எனக்குக் கேட்கவில்லை. காதில் இரைச்சல் மட்டும். நாலு வருடமாக இதற்காகக் காத்திருந்தேன், ரா. சிந்துஜா என்று சத்தமாக, மைக்கில், ராக்கியண்ணன் மகள் சிந்துஜா என்று ஊருக்கே. என் பெயர் வந்தபோது எனக்கும் கேட்கவில்லை, நான் வந்தபோது அப்பாவுக்கும் தெரியவில்லை. அப்படியானால் மேடையில் நடந்தது யார். அம்மாவின் கண்ணில் மட்டும் நான் நடந்தேன்போல. இதை எழுத முடியாது. இதற்கு வேடிக்கை வரியும் பொருந்தாது, அழுகை வரியும் பொருந்தாது.

அம்மா டப்பாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள். 'போட்டாச்சா? உங்க பெரியம்மா ரெண்டு தடவை போன் பண்ணிட்டா, ஸ்டேட்டஸ்ல ஒண்ணையும் காணமேன்னு.' இல்லை என்றேன், என்ன எழுதுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'என்னத்த எழுதறது. பட்டம் வாங்கிட்டேன்னு எழுது. படத்தப் பாத்தாத் தெரியாதா?' அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றும் எழுதாமல் போட்டால் அது பெருமை பீற்றுவது மாதிரி. இல்லை, ஒன்றும் எழுதாமல் போட்டால் இவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை என்பது மாதிரி. வெட்கப்படுவது மாதிரி. அழுகை வரி போட்டால் வெட்கப்படவில்லை என்று எல்லோருக்கும் நிரூபிக்கிற மாதிரி, நிரூபிக்க வேண்டியிருக்கிறதே என்பது மாதிரி. ஸ்டேட்டஸில் போட்டபிறகு எழுத்தை மாற்ற முடியாது, அழித்துவிட்டு மறுபடிதான் போட வேண்டும், அதற்குள் பார்த்தவர்கள் பார்த்திருப்பார்கள். நீளமாக எழுதினால் முதல் இரண்டு வரிதான் தெரியும், மீதியைத் தட்டித் திறக்க வேண்டும். அழுகை வரியில் முதலில் தெரிவது சிலிண்டர் சுமந்த தோள். அங்கி உங்களுடையது என்பது மறைந்துபோகும். யாரும் தட்டிப் பார்க்கவில்லை என்றால் அப்பா தோளோடு அப்படியே நிற்பார்.

அப்பா குனிந்து என் போனைப் பார்த்தார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். கதவு எண்ணும் ரசீதில் இருக்கும் பெயரும் படித்துவிடுவார், நீளமாக இருந்தால் கண்ணைச் சுருக்கிப் பாதியில் விட்டுவிடுவார். 'என்ற போன்லயும் போட்டு உட்ரு சாமி, அதே படத்த' என்றார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, திரையை வேட்டியில் துடைத்து, கொடுத்தார். அதை வாங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவின் போனில் இருப்பதெல்லாம் வீடுகள். 'குமரன் நகர் 2ம் மாடி', 'டாக்டரம்மா', 'நாய் வீடு', 'லிப்ட் இல்லை'. நான்தான் ஒவ்வொரு பெயராக அவர் சொல்லச் சொல்லப் பதிந்துகொடுத்தேன். அவர் ஸ்டேட்டஸ் வைத்தால் அந்த வீடுகள் எல்லாம் பார்க்கும். பொங்கலுக்குக் கரும்புப் படம் போட்டபோது டாக்டரம்மா வாழ்த்து அனுப்பியதை ஒரு வாரம் எல்லோரிடமும் காட்டினார். இத்தனை நேரம் நான் யாருக்காக வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். ஷப்னமுக்கு, என் வகுப்புக்கு, என்னை நல்ல பெண் என்று நினைக்க வேண்டியவர்களுக்கு. நாளைக்குக் காலையில் அப்பா சிலிண்டரோடு படியேறிப் போய்க் கதவைத் தட்டும்போது திறப்பவர்களுக்கு என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

'என்ன எழுதியிருக்க, படி பாக்கலாம்.'

ரெண்டு இருக்குப்பா என்றேன். முதலில் அழுகை வரியைப் படித்தேன், முன்சீட்டுக்காரர்களுக்குக் கேட்காத அளவுக்கு. அம்மா ஜன்னலைப் பார்த்தபடி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். 'நல்லாருக்குது கண்ணு, அதையே போடு' என்றாள். பிறகு, 'என்ற வெரலு எங்க தேஞ்சுது?' என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பா இன்னொன்று என்று கையால் சைகை செய்தார். வேண்டாம்ப்பா, அது சும்மா என்றேன். 'சும்மான்னா படிக்கறதுக்கென்ன.' படித்தேன். படிக்கும்போதே நடுவில் விட்டுவிடலாமா என்று இருந்தது. அப்பா கைதட்டியது வேறொரு பெண்ணுக்கு என்ற இடத்தில் அவர் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டு முடித்தேன். அம்மா சிரித்துவிட்டாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அப்பாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக, எல்லோரும் சிரிக்கும் இடத்தில் சேர்ந்துகொள்கிற மாதிரி.

'இதப் போடு.'

அப்பா, இதில் உங்களைக் கிண்டல் பண்ற மாதிரி இருக்கு என்றேன். 'இருக்கட்டும்.' அப்புறம் ஃபைலின் மூலையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டு சொன்னார், என்னிடம் சொல்வது போலவும் இல்லை. 'மொத வரி வேண்டாம் சாமி. சில வீட்டுல மேல ஏறிப் போனா, அய்யோ பாவம்னு ஒரு பார்வை பாத்துட்டுத் தண்ணி குடுப்பாங்க. அந்தத் தண்ணி தொண்டையில எறங்காது. இதப் படிச்சா எல்லா வீட்டுலயும் அப்படிக் குடுப்பாங்க. ரெண்டாவதுன்னா, ஏம்ப்பா, புள்ளையக்கூட அடையாளந் தெரியலயான்னு கேட்டுச் சிரிப்பாங்க. சிரிச்சா நானும் சிரிச்சுட்டு எறங்கி வந்துருவேன்.'

அம்மா, 'அதுக்குன்னு புள்ளையத் தெரியாதவராட்டம் போடோணுமா' என்றாள், இப்போது அவளுக்குச் சிரிப்பு இல்லை. 'நீதான் சொன்ன' என்றார் அப்பா. கோபமில்லாமல்தான் சொன்னார். நான் இரண்டு போனிலும் அந்தப் படத்தை எடுத்து, கீழே அந்த வரியை ஒட்டி, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். அனுப்பும் பொத்தானை அழுத்தும் விரல் என்னுடையதுதானா என்று ஒரு கணம் பார்த்தேன், அவ்வளவுதான். எங்கள் மூன்று பேரில் யாருக்கும் பிடித்த வரி என்று சொல்ல முடியாத வரி அது. ஷப்னம் வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள் அனுப்பினாள். பெரியம்மா 'உன் அப்பன் எப்பவும் இப்படித்தான்' என்று குரல் பதிவு போட்டாள், பின்னால் குக்கர் சத்தம். அப்பாவின் போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அவினாசி தாண்டும்போது அது ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். 'டாக்டரம்மா சிரிச்சிருக்காங்க' என்றார். எனக்கு அவர் தோளில் சாய்ந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. அவர் எப்போதும் சிலிண்டர் வைக்கும் வலது தோள் என் பக்கம் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதி, அதைத்தான் அவர் வேண்டாம் என்றார், இப்போது அதிலேயே போய்ச் சாய்ந்தால் அதுவும் அந்த வரியைப் போட்டது மாதிரி ஆகிவிடும் என்று நேராகவே உட்கார்ந்திருந்தேன். நடத்துனர் பழைய பேருந்து நிலையம் என்று கத்தியபோது அப்பா, 'புள்ள முன்னால எறங்கட்டும்' என்று வழிவிட்டு நின்றார்.

கல்லூரி விழாவின் முழுப் பதிவையும் சில நாள் கழித்து இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். என் பெயரைக் காதால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று எங்கள் துறை வரும் இடத்துக்கு ஓட்டிப் பார்த்தேன். ஷர்மிளாவுக்கு முன்னால் இருந்திருக்க வேண்டிய சங்கீதா வரிசையில் இல்லை, அறிவிப்பாளருக்கு அது தெரியவில்லை. சங்கீதா என்று படிக்கிறார், ஷர்மிளா மேடைக்கு வருகிறாள். ஷர்மிளா என்று படிக்கிறார், நான் வருகிறேன், வாங்குகிறேன், போகிறேன். அதன்பின் தெளிவாக, கரகரப்பே இல்லாமல், ரா. சிந்துஜா என்று படிக்கிறார். மேடையில் அப்போது நடந்து வருவது சௌபர்ணிகா.